அலாய் வீலா, ஸ்டீல் வீலா?

காரின் ஸ்டீல் வீல் இரண்டு துண்டுகளால் ஆனது. டயர் உட்காரும் ரிம், எஃகுப் பட்டையை வளையமாக்கி, முனைகளைப் பற்றவைத்து, உருளைகளுக்கிடையே ஓட்டி உருவாக்கப்படுகிறது. போல்ட் துளைகள் உள்ள நடுத்தட்டு பிரஸ்ஸில் அடித்தெடுக்கப்படுகிறது. இரண்டையும் இறுக்கிப் பொருத்தி வெல்டிங் செய்தால் வீல் தயார். விலை குறைவாக இருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

அலாய் வீல் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்த அலுமினியம் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் உருக்கப்பட்டு, மெல்லிய காற்றழுத்தத்தால் கீழிருந்து அச்சுக்குள் ஏற்றப்படுகிறது. நிதானமாக ஏறுவதால் உலோகத்துக்குள் காற்று சிக்குவது குறைவு. மிச்சமிருக்கும் துளைகளை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். பிறகு வீலை 540 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்திருந்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்குவார்கள். அலாய் வீலின் பலத்தில் பெரும்பங்கு இந்தப் பதப்படுத்தலில் கிடைப்பதுதான்.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வீலின் எடை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அலுமினியத்தின் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் ஆரக்கால்களைத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே அளவுள்ள வீல்களில் மிச்சமாவது பெரும்பாலும் ஓரிரு கிலோ.

பள்ளத்தில் மோதும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. எஃகு அதிகம் நெளியும், எளிதில் உடையாது. நெளிந்த விளிம்பைப் பல நேரம் தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலுமினியம் கொஞ்சம்தான் நெளியும், அதற்குமேல் விரிசல் விடும். பஞ்சரே இல்லாமல் டயரில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் ரிம்மின் உட்புறத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வரும் இடத்தில் விரிசல் இருக்கலாம். அதை வெல்டிங் செய்து மூடுவது ஆபத்து. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் பதம் இழந்து பலவீனமாகிவிடும்.

பயணச் சுகத்தில் எடைக்குப் பங்கு உண்டு. வீல், டயர், பிரேக், ஹப் ஆகியவை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. ஸ்பிரிங் தாங்காத எடை என்பது இதுதான். மேட்டில் ஏறி எகிறும் சக்கரத்தைத் திரும்பச் சாலையோடு அழுத்துவது ஸ்பிரிங்கும் டேம்பரும். சக்கரம் லேசானால் அந்த வேலை சுலபமாகிறது. டயரின் பிடி நழுவுவதும் உடலுக்கு வரும் அதிர்வும் குறைகின்றன. ஆனால் ஒரு மூலையில் இந்த எடை 32 கிலோ என்றால், 1.5 கிலோ குறைப்பது 5 சதவீதத்துக்கும் கீழ்தான். ஓட்டுநர் அதை உணர்வதே கடினம்.

வீலின் அளவைக் கூட்டினால் இந்தச் சிறு லாபமும் போய்விடும். 175/65 R14 டயரின் பக்கச்சுவர் 114 மில்லிமீட்டர். அதே மொத்த உயரம் வர 16 அங்குல அலாய் வீலில் 195/45 R16 போட்டால் அது 88 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. பெரிய அலாய் வீல், கழற்றிய 14 அங்குல ஸ்டீல் வீலைவிடக் கனமாகவும் இருக்கக்கூடும். மெத்தைபோல் அதிர்ச்சியை வாங்கும் ரப்பரும் காற்றும் 26 மில்லிமீட்டர் குறைந்த நிலையில், அதே பள்ளம் ரிம் விளிம்பை இன்னும் எளிதில் எட்டிவிடுகிறது.