அட்டை இருக்கிறது, பெயர் இல்லை

2024 ஏப்ரல் 19. தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு. சென்னையில் ஆறு வாக்குச்சாவடிகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். வாசலில் உதவி மேசை. வாக்குச்சாவடி நிலை அலுவலருக்குத் துணையாக ஒரு கல்லூரி மாணவி தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட மேசையில் வழக்கமாக நடப்பதைத்தான் இந்தக் கற்பனை மாணவி வழியாகப் பார்க்கப் போகிறோம்.

"லிஸ்ட்ல எம் பேரு இல்லையாம்மா, அவங்க பேரு மட்டும் இருக்கு" என்று மனைவியைக் காட்டி ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் இருக்காது. தெரு, கதவு எண் வரிசையில் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் இனிஷியலும் எழுத்துப்பிழையும் குழப்பும். அதனால் மாணவி முதலில் கேட்பது வாக்காளர் அட்டையின் எண்ணைத்தான். மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம், ஆளுக்கு ஒன்று. அதைப் பார்த்ததும் விடை கிடைக்கிறது. வாக்குச்சாவடிகளைப் பிரித்து அமைத்தபோது அவர் பெயர் வேறு பாகத்துக்குப் போய்விட்டது. பக்கத்து அறையிலேயே ஓட்டுப் போடலாம்.

அடுத்து வந்த இளைஞரின் பெயர் இருக்கிறது. ஆனால் வீடு மாறியவர், ஊரில் இல்லாதவர், இறந்தவர் என்று அலுவலர்கள் குறித்துவைத்த தனிப் பட்டியலிலும் இருக்கிறது. முகவர் ஒருவர் அதைச் சொன்னதும், ஓட்டே கிடையாது என்று நினைத்துத் திரும்பிவிட்டார். அந்தக் குறிப்பு அவரைத் தடுக்காது. தலைமை அலுவலர் அடையாள ஆவணத்தைக் கவனமாகச் சரிபார்ப்பார். கையெழுத்தோடு கைரேகையும் வாங்குவார். பிறகு அவர் வாக்களிக்கலாம். மாணவி அவரை உள்ளே அனுப்புகிறார்.

மூன்றாவதாக வந்த அம்மாவின் பெயர் எந்தப் பாகத்திலும் இல்லை. கையில் அட்டை இருக்கிறது, போன தேர்தலில் ஓட்டும் போட்டவர். இடையில் வேறு வீட்டுக்குக் குடிபோனார். முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்கவில்லை. பழைய வீட்டில் ஆள் இல்லை என்று பெயர் நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நோட்டீஸ் காலி செய்த வீட்டுக்கே போனால் அது யார் கண்ணில் படும்? இந்த இடத்தில் நடைமுறை மிகவும் பலவீனமாக இருக்கிறது.

"நீங்களே எழுதிச் சேர்த்துக்கோங்களேன்" என்கிறார் அம்மா. முடியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தத் தேர்தலில் அந்த நாள் மார்ச் 27. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அட்டை மட்டும் ஓட்டுரிமை தராது.

மாணவியால் செய்ய முடிந்தது ஒன்றுதான். படிவம் 6 எங்கே கிடைக்கும், புது வீட்டு முகவரிக்கு என்ன சான்று வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த தேர்தலுக்கு முன் 1950 என்ற எண்ணில் அழைத்துப் பெயர் வந்துவிட்டதா என்று கேட்கவும் சொல்கிறார்.