கல்லும் கோடும் – 7: இடிந்த தேவாலயத்தின் படம்

கனடாவில் இருக்கும் பெறாமகன் ஊர்ச் சங்க மலருக்குப் பொறுப்பாளன். போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "சித்தப்பா, கோட்டைக்குள்ள இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின்ர படம் ஒண்டு வேணும். கட்டடமே இல்லை, இனி ஆரிட்ட அனுமதி கேக்கிறது?"

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சிலுவை வடிவில் 1706இல் எழுந்த அந்தத் தேவாலயம் 1990இல் போரில் சிதைந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் அதை வடிவமைத்தவரின் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவன் கேட்பது கட்டடத்தை அல்ல, அதன் படத்தை. கட்டடத்துக்கு ஒரு கணக்கு, படத்துக்கு வேறொரு கணக்கு. படத்தின் உரிமை அதை எடுத்தவரோடும் வரைந்தவரோடும் போகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவர் வாழும் காலமும், இறந்த பின் 70 வருடங்களும் அதைக் காக்கிறது.

அவன் கையில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பால்டேயஸ் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலின் செதுக்குப் படங்கள். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அவர் அறிந்தது போர்த்துக்கேயர் விட்டுப்போன சதுரக் கோட்டை. ஐங்கோணக் கோட்டையும் இந்தத் தேவாலயமும் அவருக்குப் பின் வந்தவை. அப்படத்தின் கீழே 'ஒல்லாந்தர் தேவாலயம்' என்று எழுதினால் உரிமைப் பிரச்சினை வராது. வாசகரை ஏமாற்றியதாகத்தான் ஆகும். இலவசமான படம் சரியான படமாக இருக்க வேண்டும் என்றில்லை.

இரண்டாவது, டபிள்யூ. ஏ. நெல்சன் 1984இல் வெளியிட்ட இலங்கையின் ஒல்லாந்தர் கோட்டைகள் பற்றிய நூல். அவர் வரைந்த திட்டப்படத்தை மேலே மெல்லிய தாள் வைத்துப் படியெடுத்தால் 'நான் வரைந்தது' ஆகிவிடும் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. ஆகாது. கோடுகளின் தெரிவு, எதைத் தடிப்பாகக் காட்டுவது, எதை விடுவது என்பதெல்லாம் அவருடைய உழைப்பு. படியெடுத்தவன் அதைத்தான் எடுத்திருக்கிறான். ஆனால் சுவர் இத்தனை அடி என்ற அளவு உண்மைச் செய்தி. அதற்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அளவுகளைப் பார்த்து, வெறும் தாளில் தானே வரைந்து, 'நெல்சனின் அளவுகளிலிருந்து' என்று குறித்தால் அந்த வரைபடம் வரைந்தவருக்கே உரியது.

மூன்றாவதுதான் சிக்கல். சங்கத்துக்கு யாரோ அனுப்பிய ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், எண்பதுகளில் எடுத்ததாம். தாள் வைத்திருப்பவர் 'என்ர படம், போடுங்கோ' என்கிறார். அவருடையது தாள் மட்டுமே. எடுத்தவர் ஒரு ஸ்டூடியோக்காரர், இடம்பெயர்ந்தவர். தேடியும் கிடைக்காவிட்டால் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. ஸ்டூடியோவின் முத்திரை பின்பக்கத்தில் இருந்தால் அந்தப் பெயரை முதலில் தேட வேண்டும். உரிமையாளர் கிடைத்தால் எழுத்தில், 'இந்த மலருக்கு, அச்சுக்கு மட்டும்' என்று வாங்க வேண்டும். மின்னிதழுக்கும் வேண்டுமானால் அதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். வாய்ச் சொல் பத்து வருடத்தில் யாருக்கும் நினைவிராது.

இங்கே இன்னொன்று. பழைய கோட்டைக்கு இல்லாத தொல்லை புதிய கட்டடங்களுக்கு உண்டு. 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். கட்டடக் கலையும் நம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட படைப்பு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடத்தைப் படமெடுப்பதையும் வரைவதையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. நம்முடையதில் அப்படியான வாசகம் இல்லை. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற நியாயமான பயன்பாட்டுக்குள் வைத்துத்தான் வாதாட வேண்டும். நூலகத்தின் படத்தோடு ஆய்வுக் கட்டுரை எழுதுவது வேறு, அதையே நாட்காட்டியில் அடித்து விற்பது வேறு.

பதிப்புரிமை தீர்ந்தாலும் அனுமதி தீர்வதில்லை. நல்லூர்க் கந்தனின் உள்வீதியில் படமெடுக்கத் தடை. அதைப் பதிப்புரிமைச் சட்டம் விதிக்கவில்லை, கோயில் விதிக்கிறது. உள்ளே நுழையும்போது மேல்சட்டையைக் கழற்றுவது போலத்தான் அதுவும். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. வணிகப் படப்பிடிப்பென்றால் அவர்களைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியில் பெறாமகன் அளவுகளை வைத்துத் தன் மகளையே வரையச் சொன்னான். பெண் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். அந்த வரைபடத்தின் கீழே சங்கத்தின் பெயரைப் போட்டிருந்தான். 'பிள்ளையின்ர பெயரைப் போடு' என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.