அப்பாவின் கறுத்த விரல்

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. விசுவாவசு ஆண்டில், 1965-66இல் பிறந்தவருக்கு 2025-26இல் அதே விசுவாவசு திரும்பி வந்தது. அறுபதாம் கல்யாணத்தின் கணக்கு இதுதான். தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயதும் இப்போது 60 என்பதால், பல வீடுகளில் மணிவிழாவும் பணி ஓய்வும் சேர்ந்தே வருகின்றன. அந்த மேடையில் படிக்கத்தான் பிள்ளைகள் கவிதை எழுதுகிறார்கள்.

நண்பர் ஒருவர் பஸ் கண்டக்டர். அவர் மகன் எழுதி வந்த கவிதை ‘தியாகத்தின் சிகரமே, உழைப்பின் உருவமே’ என்று தொடங்கியது. “தம்பி, இது என் அப்பாவுக்கும் பொருந்துமே, அவர் வாத்தியாராச்சே” என்றேன். அப்பாவிடமே கேட்டானாம். “என்னத்தச் சொல்ல, போனோம், வந்தோம்” என்றாராம். அப்பாக்கள் அப்படித்தான். பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும். பரணிலிருந்து பழைய தோல் பையை எடுத்துக் கொடுத்தான். பேச்சு தானாக வந்தது. மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தது, டிப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது பணம் குறைந்தால் சொந்தக் கையிலிருந்து போட்டது, நாளெல்லாம் காசு எண்ணி விரல்நுனி கறுத்துப்போனது.

அதிலிருந்து இரண்டு வரி பிறந்தது:

பையிலே ஆயிரம் குலுங்கி வந்தாலும்
கையிலே வந்தது கறுத்த விரல்தான்.

‘பையிலே’, ‘கையிலே’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘யி’. இதுதான் எதுகை. தாளில் படிப்பவருக்கு இது அலங்காரம். மண்டபத்தில் கேட்பவருக்கோ பிடிமானம். குழந்தை அழுகிறது, பந்திக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், மைக் கரகரக்கிறது. ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் எதுகை அடுத்த வரிக்கு இழுத்துப்போகும். வரிக்கு நாலு சீர் போதும். ஐந்தாறு என்றால் படிப்பவனுக்கே மூச்சு முட்டும். கவியரங்கில் முதல் வரியை இருமுறை சொல்வார்களே, அது சும்மா இல்லை. முதல் தடவை கூட்டத்தைத் திருப்புவதற்கு, இரண்டாம் தடவைதான் கவிதைக்கு.

பதினாறு வரியோடு நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி, இருமுறை சொல்லி வாசித்தாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. வேலையில் வாங்கிய மெமோவைப் பற்றி நாலு வரி இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் அது வேண்டாம் என்று அடித்தோம். செல்போனைப் பார்த்துப் படிக்காமல் தாளில் பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டான். கலசாபிஷேகம் முடிந்து, நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு மேடையேறினான்.

நாலரை மணிக்கு முதல்வண்டி என்றால்
மூணரைக்கே நம்வீட்டில் விளக்கு எரியும்.

இரண்டாம் தடவை சொல்ல வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்பாவோடு பல வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர்.

“நாலரை இல்லப்பா, நாலே கால்!”

மண்டபமே சிரித்தது. அப்பா தலையாட்டி, “நாலே கால்தான்” என்றார். தம்பி பேனாவை வாங்கி, அங்கேயே திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான்.