எல்லையின் இருபுறமும் ஒரே மக்கள்

செவா, தும்புகா என்ற இரு இனத்தவர் மலாவியிலும் வாழ்கிறார்கள், பக்கத்து ஜாம்பியாவிலும் வாழ்கிறார்கள். மலாவியில் அரசியல் எதிரிகள்; ஜாம்பியாவில் கூட்டாளிகள். ஏன்?

அரசியல் ஆய்வாளர் டேனியல் போஸ்னர், 2004-இல் வெளியான கட்டுரைக்காக எல்லையை ஒட்டி இருபுறமும் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார். மொழி, வழக்கம் போன்ற வேறுபாடுகள் இருபுறமும் ஒரே மாதிரி. எனவே பகைக்கு அவை காரணமாக முடியாது. மிஞ்சியது எண்ணிக்கை. சிறிய மலாவியில் இரு இனங்களும் பெரிய வாக்குத்திரள், ஜாம்பியாவில் அப்படியில்லை. ‘மிக ஒத்தவற்றை’ ஒப்பிடும் முறை இது. ‘மிக வேறுபட்டவற்றை’ ஒப்பிடுவோர், ஒரே விளைவுக்குப் பொதுவான காரணத்தைத் தேடுவார்கள்.

முதல் முறையின் ஆபத்து, கண்ணில் படாத இன்னொரு வேறுபாடு. மலாவியை நெடுங்காலம் ஆண்ட பண்டா, செவா மக்களுக்குச் சலுகை காட்டியவர். அந்த விளக்கத்தையும் எடைபோட்ட பிறகே எண்ணிக்கையைக் காரணமாகச் சொல்லலாம்.