ஒரே பதிவு, இரண்டு கவுண்டர்

ஒரு கூட்டுறவு வங்கியின் இரண்டு கவுண்டர்களில் 412-ஆம் உறுப்பினரின் பதிவு திறந்திருக்கிறது. முதல் கவுண்டரில் 10.05-க்குத் திறந்த எழுத்தர், கைப்பேசி எண்ணைத் திருத்தி 10.08-க்குச் சேமிக்கிறார். இரண்டாவது கவுண்டரில் 10.06-க்குத் திறந்தவர், முகவரியை மாற்றி 10.09-க்குச் சேமிக்கிறார். இரண்டாமவர் திரையில் இன்னும் பழைய கைப்பேசி எண்தான் இருக்கிறது. பல மென்பொருள்கள் திருத்திய கட்டத்தை மட்டும் அனுப்பாமல் படிவம் முழுவதையும் அனுப்பிவிடும். அதனால் பழைய எண் மறுபடியும் பதிவில் ஏறிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடிபி வரவில்லை என்று உறுப்பினர் வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பழியோ, சரியாக வேலை செய்த முதல் எழுத்தர் மேல் விழும்.

இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பதிவோடும் ஒரு வெர்ஷன் எண் வைக்கிறார்கள். பதிவு ஒவ்வொரு முறை மாறும்போதும் அது ஒன்று கூடும். எழுத்தர் திறந்தபோது 7 என்று இருந்திருந்தால், சேமிக்கும்போது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை இப்படி இருக்கும்:

```sql
UPDATE members
SET address = '...', version = version + 1
WHERE id = 412 AND version = 7;
```

முதல் கவுண்டரின் சேமிப்பால் எண் ஏற்கெனவே 8 ஆகிவிட்டதால், இந்தக் கட்டளைக்கு ஒரு வரிசைகூடப் பொருந்தாது. மாறிய வரிசைகள் பூஜ்யம் என்று டேட்டாபேஸ் சொல்லும். அதைப் பார்த்து, வேறொருவர் இடையில் திருத்தியிருக்கிறார் என்று மென்பொருள் எழுத்தருக்குத் தெரிவிக்க வேண்டும். பூஜ்யத்தைக் கவனிக்காமல் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிட்டால், முகவரி மாற்றம் சத்தமில்லாமல் தொலையும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, அந்த 7 எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அது எழுத்தர் கண்ணால் பார்த்த பதிவின் எண்ணாகவே இருக்க வேண்டும். அதிகம் நேரும் தவறு இங்கேதான். படிவத்தோடு எண்ணை அனுப்பாமல், சேமிக்கும் நொடியில் சர்வர் பதிவைப் புதிதாக எடுக்கிறது. அப்போது எண் 8. படிவத்தில் உள்ளதை அதன்மேல் எழுதி, 8 தானா என்று சரிபார்க்கிறது. இப்போதுதான் எடுத்த எண் என்பதால் அநேகமாக எப்போதும் பொருந்தும். சோதனை நடக்கிறது, ஆனால் எதையும் தடுப்பதில்லை. ஹைபர்னேட் போன்ற கருவிகளில் இன்னொரு பொறியும் உண்டு. படிவத்திலிருந்து வந்த 7-ஐ, புதிதாக எடுத்த பதிவில் புரோகிராமர் பொருத்தினாலும் கருவி அதைப் பொருட்படுத்தாது. தான் எடுத்த 8-ஐ வைத்தே சரிபார்க்கும். இரண்டு எண்களையும் புரோகிராமரே ஒப்பிட்டாக வேண்டும்.

எதிர்த் திசையிலும் கோளாறு வரும். எழுத்தர் ஒருமுறை சேமிக்கிறார். எண் 8 ஆகிறது. ஆனால் திரை புதுப்பிக்கப்படாததால் படிவத்துக்குள் 7 அப்படியே இருக்கிறது. விடுபட்ட பின்கோடை நிரப்பி மீண்டும் சேமித்தால், ‘வேறொருவர் திருத்தியிருக்கிறார்’ என்று செய்தி வருகிறது. அந்த வேறொருவர் அவரேதான். சேமித்து முடித்ததும் புது எண்ணைப் படிவத்துக்குத் திருப்பி அனுப்பினால் இது தீரும். சில அமைப்புகளில் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ அதே பதிவில் எழுதப்பட்டு, அதற்கும் எண் கூடுகிறது. பக்கத்துக் கவுண்டரில் ஒருவர் பதிவைச் சும்மா திறந்து பார்த்தாலே, இவர் பத்து நிமிடம் தட்டச்சு செய்தது நிராகரிக்கப்படும். இப்படி நாளுக்கு நாலு முறை நடந்தால் எழுத்தர்கள் அந்த எச்சரிக்கையைப் படிப்பதையே விட்டுவிடுவார்கள்; உண்மையான மோதலும் அதோடு கண்ணில் படாமல் போகும்.

எண்ணுக்குப் பதிலாகத் திருத்திய நேரத்தை வைப்பதும் நல்லதல்ல. மைஎஸ்கியூஎல்லின் `DATETIME` சாதாரணமாக நொடி வரைதான் பதியும். ஒரே நொடியில் நடந்த இரண்டு சேமிப்புகளை அதனால் பிரித்தறிய முடியாது. போஸ்ட்கிரெஸ் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை பதியும்; பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டின் `Date` ஆயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். வால் வெட்டுப்பட்டுத் திரும்பும் நேரம் பொருந்தாமல், நியாயமான சேமிப்பும் நிராகரிக்கப்படும். முழு எண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் முன் அலுவலகம் இரண்டு சோதனைகளைக் கண்முன் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஒரே பதிவை இரண்டு கணினிகளில் திறந்து, ஒன்றில் சேமித்தபின் மற்றதில் சேமித்தால், அது மறுக்கப்பட வேண்டும். தட்டச்சு செய்தது மட்டும் திரையில் அழியாமல் நிற்க வேண்டும். ஒரே கணினியில் திரையை மூடாமல் அடுத்தடுத்து இருமுறை சேமித்தால், இரண்டும் ஏற்கப்பட வேண்டும்.