முதல் தவணை எந்த நாளில்?

"ஒருவர் ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டியில் ரூ.1,00,000 கடன் வாங்கி, மூன்று சமமான ஆண்டுத் தவணைகளில் அடைக்கிறார். தவணைத் தொகை எவ்வளவு?" சி.ஏ. ஃபவுண்டேஷன் போன்ற வணிகக் கணிதத் தேர்வுகளில் வழக்கமாக வரும் கேள்வி இது. இதே கேள்வியில் "முதல் தவணை கடன் வாங்கும் நாளிலேயே" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் விடை மூவாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் மாறிவிடும்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். கட்டப்போகும் தவணைகள் எல்லாவற்றின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் கடன் தொகை வர வேண்டும். 10 சதவீத வட்டியில், ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 1-ஐ 1.10-ஆல் வகுத்தால் கிடைப்பது: 0.90909. இரண்டாண்டு கழித்து வருவதற்கு 0.82645, மூன்றாண்டு கழித்து வருவதற்கு 0.75131.

ஒவ்வோர் ஆண்டின் கடைசியிலும் கட்டினால் அது ஆர்டினரி அன்யூட்டி. மேலே உள்ள மூன்று எண்களையும் கூட்டினால் 2.48685. ஒரு லட்சத்தை இதனால் வகுத்தால் தவணை ரூ.40,211.

ஆண்டின் தொடக்கத்திலேயே கட்டினால் அது அன்யூட்டி டியூ. இன்றே கட்டும் முதல் ரூபாயின் மதிப்பு குறைவதில்லை, அது முழு ரூபாய்தான். எனவே 1, 0.90909, 0.82645 ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2.73554, தவணை ரூ.36,556. இதைச் சரிபார்ப்பதும் எளிது. முதல் நாளே ரூ.36,556 கட்டியதும் பாக்கி ரூ.63,444. ஓராண்டு வட்டியோடு அது ரூ.69,788 ஆகும். இரண்டாம் தவணை போக ரூ.33,232 மிஞ்சும். அதற்கும் ஓராண்டு வட்டியைச் சேர்த்தால், ஓரிரு ரூபாய்ப் பைசாக் கணக்கு நீங்கலாக, மூன்றாம் தவணையோடு கடன் தீர்ந்துவிடும்.

மாணவர்கள் சறுக்கும் இடம் சூத்திரத்தில் இருக்கிறது. அன்யூட்டி டியூவின் இன்றைய மதிப்பு, ஆர்டினரி அன்யூட்டியின் இன்றைய மதிப்பைப்போல் (1+i) மடங்கு என்று அவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் கடன் கணக்கில் இன்றைய மதிப்பு ஏற்கெனவே தெரியும், அதுதான் ஒரு லட்சம். கேட்பது தவணையை. பெருக்கப்படும் எண் வகுக்கும் இடத்தில் இருப்பதால், தவணை 1.10-ஆல் பெருகாமல் 1.10-ஆல் வகுபடும். பழக்கத்தில் 40,211-ஐ 1.10-ஆல் பெருக்கியவருக்கு ரூ.44,233 என்று விடை வரும். அந்தத் தவணையை முதல் நாளிலிருந்து கட்டிப் பார்த்தால், கடைசித் தவணைக்குப் பிறகு கடன்காரருக்கு ரூ.25,410 கூடுதலாகப் போயிருக்கும். கணக்கே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு: சீக்கிரம் கட்டுபவரின் தவணை, தாமதமாகக் கட்டுபவருடையதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் முன்கூட்டிக் கட்டுவது லாபமா? மூன்று தவணைகளின் மொத்தம் முதல் முறையில் ரூ.1,20,634, இரண்டாவதில் ரூ.1,09,668. வட்டி பாதிக்கும் கீழாகக் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் வட்டி விகிதம் இரண்டிலும் அதே 10 சதவீதம்தான். இரண்டாவது முறையில் கடன் வாங்கியவர் கையில் தங்கியது ரூ.63,444 மட்டுமே, அதுவும் குறைந்த காலத்துக்கு. பயன்படுத்தாத பணத்துக்கு அவர் வட்டி கட்டவில்லை, அவ்வளவே.

கணினியில் கணக்கிடுபவர்களுக்கும் இதே கவனம் தேவை. எக்செல்லில் கடைசியாக வரும் எண்தான் தவணை எப்போது என்பதைச் சொல்கிறது:

```
=PMT(10%,3,-100000,0,0)
=PMT(10%,3,-100000,0,1)
```

முதல் வரி 40,211 தரும், இரண்டாவது 36,556. கடைசி எண்ணை எழுதாமல் விட்டால் எக்செல் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்த வேறுபாடு தேர்வுக் கூடத்துக்கு வெளியிலும் பணமாகிறது. வாகனக் கடனில் சில இடங்களில் முதல் மாதத் தவணையை 'அட்வான்ஸ் இ.எம்.ஐ.' என்று முன்பே பிடித்துக்கொள்வார்கள். அதற்கேற்பத் தவணையைக் குறைத்திருந்தால் கணக்கு நேர்மையானது. குறைக்காமல், மாதக் கடைசியில் கட்டுவதற்கான தொகையையே முதல் நாளில் வாங்கினால் வட்டி விகிதம் ஏறிவிடும். ஒரு லட்சம் ரூபாய்க் கடன், மாதம் 1 சதவீத வட்டி, 12 தவணைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசித் தவணை ரூ.8,885. அதையே முதல் நாளிலிருந்து கட்டினால், ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்லப்பட்ட வட்டி ஏறக்குறைய 14.2 சதவீதமாகிவிடும். நேர்மையான தொகை 8,885-ஐ 1.01-ஆல் வகுத்தால் வரும் ரூ.8,797. மாதத்துக்கு ரூ.88 வித்தியாசம், 12 மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்.