முதல் ஹேர் கலரிங்: முடியின் வரலாற்றை மறைக்காதீர்கள்

“ஹென்னா போட்டிருக்கீங்களா?” என்று கேட்டால், “அதெல்லாம் எப்பவோ போட்டது, இப்ப இல்லைங்க” என்பதுதான் பார்லர்களில் பலரும் சொல்லும் பதில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். 40 செ.மீ. கூந்தலின் நுனி, மூன்று வருடத்துக்கு முன் முளைத்தது. ஹென்னாவை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்றால், வேரிலிருந்து 12 செ.மீ. வரைதான் புதுமுடி. மீதி 28 செ.மீ. பழைய ஹென்னாவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கூந்தலுக்கு கேரமல் நிற ஹைலைட்ஸ் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். ப்ளீச் செய்தால் மேல்பகுதி நன்றாக வெளுக்கும். ஹென்னா பட்ட பகுதி ஆரஞ்சிலேயே நின்றுவிடலாம். நரைக்காகக் கருப்பு டை அடித்திருந்தாலும் இதே கதைதான். டைமேல் பிரவுன் கலர் பூசினால் கருப்பு போகாது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் நிறம் மாறி, தலை இரண்டு நிறமாகத் தெரியும்.

சில ஹென்னா பவுடர்களில் உலோக உப்புகள் கலந்திருக்கும். ப்ளீச்சோடு கலக்கும் பெராக்சைடு அவற்றின்மேல் பட்டால் முடி சூடேறி, பொசுங்கி உடையக்கூடும். அதனால் வீட்டில் பயன்படுத்திய ஹென்னா, டை பாக்கெட்டுகளை போட்டோ எடுத்துப் போங்கள். ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த மாதத்தையும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், உள்பக்கத்திலிருந்து சில இழைகளை வெட்டி ப்ளீச் கலவையில் போட்டுப் பார்ப்பார்கள். கலவை சூடானாலோ, முடி ரப்பர் போல இழுபட்டாலோ, அந்தத் தலைக்கு ப்ளீச் வேண்டாம்.

மாதிரிப் படங்கள் மூன்று நான்கு போதும். கருகரு முடியிலிருந்து கலர் செய்தவர்களின் படமாக, பகல் வெளிச்சத்தில் ஃபில்டர் இல்லாமல் எடுத்ததாக இருக்கட்டும். பிடிக்காத நிறத்துக்கும் ஒரு படம் வையுங்கள். ‘பிரவுன்’ என்று நீங்கள் நினைப்பதும் அவர் நினைப்பதும் வேறாக இருக்கலாம். “இந்தச் சிவப்பு மட்டும் வேண்டாம்” என்று படத்தைக் காட்டினால் குழப்பம் தீரும். அன்று தலையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வைத்த முடி அடர்ந்து தெரியும். உண்மையான நிறம் பிடிபடாது.

டை போட்டு எப்போதாவது காதோரம் அரித்திருந்தால், முகம் வீங்கியிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள். பல டைகளிலும் கருப்பு ஹென்னாக்களிலும் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அப்படி ஏற்கெனவே நடந்திருந்தால், தோல் மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி டை பக்கமே போகாதீர்கள். மற்றவர்களுக்கு 48 மணி நேரம் முன்பே தோலில் தடவிப் பார்ப்பது வழக்கம். ஆகவே ஆலோசனை ஒரு நாள், கலரிங் இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் கேட்காமல், “இன்னிக்கே முடிச்சிடலாம், உக்காருங்க” என்கிற பார்லரில் உட்காராதீர்கள்.